ராஜினாமாவை ஏற்று நிறுவனம் எழுதும் பதில் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் இயங்கும் ஒரு நடுத்தரத் தனியார் நிறுவனத்தை மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. கணக்குகளுக்கு எடுத்துக்காட்டாக, கோயம்புத்தூரில் பம்புசெட் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் உதவி மேலாளராக இருப்பவரைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். அவர் 2019 ஜூன் 3 அன்று வேலையில் சேர்ந்து, 2026 ஜனவரி 5, திங்கட்கிழமை அன்று ராஜினாமாக் கடிதம் கொடுத்தவர்.

ஊழியர் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார், முதலாளியும் "சரி" என்று வாயால் சொல்லிவிட்டார். இதற்கு எழுத்தில் பதில் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

கொடுக்க வேண்டும், அதுவும் இரண்டு மூன்று நாளுக்குள் கொடுப்பது நல்லது. வேலையை விட்டு விலகும்போது ஊழியருக்குச் சேர வேண்டிய தொகைகள், அவை தரப்பட வேண்டிய கெடுக்கள், வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் பதியப்படும் வெளியேறும் தேதி, அடுத்த நிறுவனத்தில் சேரும் தேதி ஆகிய எல்லாமே கடைசி வேலை நாள் என்ற ஒரே தேதியைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஊழியர் தன் கடிதத்தில் ஒரு தேதியைக் கேட்டிருப்பார், நியமனக் கடிதத்தின்படி வேறொரு தேதி வரும், பிரிவுத் தலைவர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லியிருப்பார். நிறுவனம் எழுத்தில் ஒன்றை உறுதி செய்யாதவரை இந்த மூன்றில் எது செல்லும் என்பது பின்னால் சண்டைக்கு உரிய விஷயமாகிவிடும்.

பதில் எழுதாமல் இருந்தால் ஊழியர் போக முடியாது என்று சில நிறுவனங்களில் நினைக்கிறார்கள். அறிவிப்புக் காலத்தை முழுமையாக முடித்தவரை ஏற்புக் கடிதம் கொடுக்காமல் நிறுத்திவைக்க முடியாது. அப்படி மௌனமாக இருப்பதால் நிறுவனத்துக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை, தேதியையும் நிபந்தனைகளையும் தெளிவாக எழுதிவைக்கும் வாய்ப்புதான் கை நழுவும்.

நியமனக் கடிதத்தில் 60 நாள் நோட்டீஸ் என்று இருக்கிறது. அவர் பிப்ரவரி 20 அன்றே போக வேண்டும் என்கிறார். கடைசி வேலை நாளை எப்படிக் கணக்கிட்டு எழுதுவது?

முதலில் நியமனக் கடிதத்தின் வாசகத்தை எடுத்துப் படியுங்கள். "60 நாள்" என்று இருப்பதும் "இரண்டு மாதம்" என்று இருப்பதும் ஒன்றல்ல. இரண்டு மாதம் என்றால் ஜனவரி 5 அன்று கொடுத்த அறிவிப்பு மார்ச் 5 அன்று முடியும். 60 நாள் என்றால், கடிதம் கொடுத்ததற்கு மறுநாளை முதல் நாளாகக் கொண்டு எண்ண வேண்டும்: ஜனவரி 6 முதல் 31 வரை 26 நாள், பிப்ரவரியில் 28 நாள், மார்ச்சில் 6 நாள் என அறுபதாவது நாள் மார்ச் 6, வெள்ளிக்கிழமை வருகிறது. வேறுவிதமாகக் குறிப்பிடாவிட்டால் இந்த நாள்களில் ஞாயிறும் விடுமுறைகளும் அடங்கும்.

அவர் கேட்கும் பிப்ரவரி 20 அன்று விடுவித்தால், பிப்ரவரி 21 முதல் மார்ச் 6 வரை 14 நாள் குறைகிறது. இந்த 14 நாளை நிறுவனம் முழுமையாகத் தள்ளுபடி செய்யலாம், மீதமுள்ள விடுப்பில் கழிக்கலாம், அல்லது அதற்கு ஈடான தொகையை இறுதிக் கணக்கில் பிடிக்கலாம். பிடிப்பதாக இருந்தால் நியமனக் கடிதத்தில் அதற்கு இடம் இருக்க வேண்டும், எந்தச் சம்பளத்தின் அடிப்படையில் என்பதும் அங்கேயே இருக்க வேண்டும். மொத்தச் சம்பளமா, அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் மட்டுமா என்பது தெளிவாக இல்லாத இடத்தில், ஊழியருக்குப் பாதகமான பொருளை எடுத்துக்கொண்டு பிடித்தம் செய்வது வழக்கை வரவழைக்கும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கடிதத்தில் மூன்று விவரங்கள் சேர்ந்து வர வேண்டும்: அறிவிப்புக் காலம் முறைப்படி முடியும் தேதி, நிறுவனம் ஒப்புக்கொள்ளும் கடைசி வேலை நாள், இடையிலுள்ள குறைவு எப்படிச் சரிசெய்யப்படும் என்பது. "தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்படும்" என்று மட்டும் எழுதிவிட்டுக் கடைசி வாரத்தில் பிடித்தத்தைச் சொல்வதுதான் நான் அதிகமாகப் பார்த்த தகராறுகளுக்குக் காரணம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பணிக்கொடைக்கு, அதாவது கிராஜுவிட்டிக்கு, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சக் காலம் ஒரு முழு ஆண்டாகக் கொள்ளப்படும் என்பதால், கடைசி நாள் சில வாரம் முன்னே பின்னே போவதே ஓர் ஆண்டுப் பணிக்கொடையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். பணிக்கொடைக்குத் தகுதி தரும் ஐந்து ஆண்டு நிறைவை நெருங்குபவர் விஷயத்தில் இது இன்னும் கூர்மையானது. நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவரும் தகுதி பெறுவார் என்று 1998இல் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே ஐந்து ஆண்டு ஆகவில்லை என்று எழுதும் முன் நாள்களை எண்ணிப் பாருங்கள்.

"இறுதிக் கணக்கு 45 நாளில் முடிக்கப்படும்" என்று எங்கள் கடிதத்தில் வழக்கமாகவே எழுதுகிறோம். அதில் என்ன தவறு?

அந்த வரியை எடுத்துவிட வேண்டிய காலம் வந்துவிட்டது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன் 17ஆம் பிரிவு, ஊழியர் நீக்கப்பட்டாலும் ஆட்குறைப்பில் போனாலும் தாமாக ராஜினாமா செய்தாலும், அவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. பழைய ஊதியம் வழங்கல் சட்டத்தில் இந்த இரண்டு நாள் கெடு, முதலாளி வேலையை முடித்துவைக்கும்போது மட்டுமே பேசப்பட்டது. அதுவும் குறிப்பிட்ட ஊதிய வரம்புக்கு உட்பட்டவர்களுக்கே பொருந்தியது. இப்போது ராஜினாமாவும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது, மேலாளர் நிலையில் இருப்பவர்களும் ஊழியர் என்ற வரையறைக்குள் வருகிறார்கள்.

நம் எடுத்துக்காட்டில் கடைசி நாள் பிப்ரவரி 20, வெள்ளிக்கிழமை. தொழிற்சாலை சனிக்கிழமையும் இயங்குவதால் 21 முதல் வேலை நாள், திங்கட்கிழமை 23 இரண்டாவது வேலை நாள். அன்றைக்குள் ஊதியம் அவர் வங்கிக் கணக்கில் சேர வேண்டும்.

பணிக்கொடையின் கெடு வேறு. அது கொடுக்க வேண்டியதான நாளிலிருந்து 30 நாளுக்குள், அதாவது இங்கே மார்ச் 22க்குள் தரப்பட வேண்டும், தாமதித்தால் வட்டியும் சேரும். ஊழியர் விண்ணப்பம் கொடுக்கவில்லை என்பது காரணமாகாது, தொகையைக் கணக்கிட்டு அறிவிப்பது நிறுவனத்தின் கடமை. போனஸுக்கு உரியவராக இருந்தால் அது கணக்கு ஆண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் வழங்கப்படும் தொகை என்பதால், பின்னர் தனியாக வழங்கப்படும் என்று ஒரு வரி போதும். எல்லாவற்றையும் "இறுதிக் கணக்கு" என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்து ஒரே தேதி போடுவதால்தான் குழப்பம் வருகிறது. ஊதியத்துக்கு ஒரு தேதி, பணிக்கொடைக்கு ஒரு தேதி என்று பிரித்து எழுதுங்கள்.

நடைமுறையில் இதன் பொருள், கணக்குப் பிரிவு தன் வேலையைக் கடைசி நாளுக்குப் பிறகு தொடங்க முடியாது என்பதுதான். விடுப்பு இருப்பு, முன்பணம், நிலுவையிலுள்ள பயணச் செலவுச் சீட்டுகள் ஆகியவற்றை ஒரு வாரம் முன்பே திரட்டி, வரைவுக் கணக்கை ஊழியரிடம் காட்டிவிட்டால் பிறகு விவாதத்துக்கு இடமிருக்காது.

கணக்கை எப்படிப் போடுவது? ஓர் எடுத்துக்காட்டோடு சொல்ல முடியுமா?

நம் உதவி மேலாளரின் மாதச் சம்பளம் ரூ. 48,000, அதில் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து ரூ. 26,000 என்று கொள்வோம். புதிய சட்டத் தொகுப்பில் ஊதியம் என்பதிலிருந்து விலக்கப்படும் படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், மிஞ்சிய பகுதி மீண்டும் ஊதியத்தோடு சேர்க்கப்படும். இங்கே ரூ. 26,000 என்பது பாதியைத் தாண்டியிருப்பதால் அந்தச் சேர்க்கை தேவைப்படவில்லை.

பிப்ரவரி மாதத்தின் 20 நாளுக்குரிய சம்பளம், 48,000ஐ 28ஆல் வகுத்து 20ஆல் பெருக்கினால், ரூ. 34,286. எடுக்காத விடுப்பு 18 நாள். இந்த நிறுவனத்தின் விதியில் ஒரு நாள் விடுப்புச் சம்பளம் என்பது 26,000ஐ 26ஆல் வகுத்தது, ஆக ரூ. 1,000, விடுப்புக்காக ரூ. 18,000. அறிவிப்புக் காலத்தில் குறைந்த 14 நாளுக்கு, நியமனக் கடிதம் அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் குறிப்பிடுவதால், 26,000ஐ 30ஆல் வகுத்து 14ஆல் பெருக்க ரூ. 12,133 பிடித்தம். எனவே ஊதியக் கணக்கில் நிகரம் 34,286 கூட்டல் 18,000 கழித்தல் 12,133, அதாவது ரூ. 40,153. இதிலிருந்து வருங்கால வைப்பு நிதி, தொழில் வரி, வருமான வரி போன்ற சட்டப்படியான பிடித்தங்கள் போகும். பிடித்தங்கள் எல்லாம் சேர்ந்தும் அந்த ஊதிய காலத்தின் ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது சட்டத்தின் வரம்பு. பிப்ரவரிச் சம்பளத்தின் பாதி ரூ. 17,143 என்பதால் ரூ. 12,133 அதற்குள் அடங்குகிறது. இதே மனிதர் பிப்ரவரி 6 அன்று போயிருந்தால் அடங்கியிருக்காது.

பணிக்கொடை தனி. 2019 ஜூன் 3 முதல் 2026 பிப்ரவரி 20 வரை ஆறு ஆண்டும் எட்டு மாதமும் சில நாள்களும் ஆகின்றன. எட்டு மாதம் என்பது ஆறு மாதத்துக்கு மேல் என்பதால் ஏழு ஆண்டாகக் கொள்ள வேண்டும். மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்கு ரூ. 15,000, ஏழு ஆண்டுக்கு ரூ. 1,05,000. விடுப்புச் சம்பளத்துக்கும் பணிக்கொடைக்கும் 26ஆல் வகுத்துவிட்டு அறிவிப்புக் காலக் குறைவுக்கு 30ஆல் வகுப்பது ஏன் என்று ஊழியர் கேட்கக்கூடும். அறிவிப்புக் காலம் விடுமுறைகளும் சேர்ந்த நாள்காட்டி நாள்களில் எண்ணப்படுகிறது, அதனால் வகுக்கும் எண்ணும் அப்படியே இருப்பதுதான் நியாயம்.

நிறுவனப் பொருள்களைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் போதாதா? பட்டியல் போட வேண்டுமா?

பட்டியல் வேண்டும். "நிறுவனத்துக்குச் சொந்தமான அனைத்துப் பொருள்களும்" என்று எழுதினால், என்ன கொடுத்தோம் என்று நிறுவனத்துக்கே தெரியவில்லை என்றுதான் பொருள்படும். மடிக்கணினி என்றால் அதன் வரிசை எண், சார்ஜர், பை. கைபேசி என்றால் சிம் எண். அடையாள அட்டை, நுழைவு அட்டை, மேசை அறைச் சாவி, சீருடை, எரிபொருள் அட்டை என்று அவருக்கு உண்மையில் வழங்கப்பட்டவற்றை மட்டும் எழுத வேண்டும். எல்லாருக்கும் ஒரே பட்டியலை அனுப்பி, வாங்காத பொருளுக்குப் பதில் சொல்ல வைப்பது ஊழியரை அவமதிப்பதாகும்.

கைக்குப் புலப்படாதவையே பெரும்பாலும் விட்டுப்போகின்றன. கொள்முதல் பிரிவில் இருப்பவரின் சொந்தக் கைபேசி எண்ணுக்கு ஜி.எஸ்.டி. தளத்தின் ஓ.டி.பி. வந்துகொண்டிருக்கும், சரக்கு அனுப்பும் நிறுவனங்களின் கணக்கு அவர் பெயரில் இருக்கும், விற்பனையாளர்களுடனான வாட்ஸ்அப் குழுவை அவரே நிர்வகித்துக்கொண்டிருப்பார். அவர் போன மறுநாள் வரித் தாக்கல் செய்ய உட்கார்ந்தால் ஓ.டி.பி. அவருக்குப் போகும். எனவே எந்தெந்தத் தளங்களில் பதிவு எண்ணை மாற்ற வேண்டும் என்பதைக் கடிதத்தின் இணைப்பிலேயே குறித்து, கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பாக முடிக்கச் சொல்லுங்கள். மின்னொப்பச் சாவியை இயக்குநர் பெயரில் இருந்தாலும் இவரே வைத்திருப்பது நம் ஊரில் சகஜம்; அதையும் கேட்டு வாங்குங்கள்.

ஒப்படைப்புக்கு ஒரு நாளையும் ஓர் ஆளையும் குறிப்பிடுவது அவசியம். வாங்குபவர் பொருளின் நிலையைப் பார்த்து, அங்கேயே கையெழுத்திட்டு ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். வெளியூரில் இருந்து வேலை செய்தவரானால் கூரியர் ஏற்பாட்டையும் செலவையும் நிறுவனம் ஏற்க வேண்டும், பெட்டியை மூடும் முன் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் வழியில் ஏற்படும் சேதத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எழாது.

மடிக்கணினி திரும்பி வரும்வரை சம்பளத்தை நிறுத்திவைக்கலாமா? உடைந்திருந்தால் புதிதின் விலையைப் பிடிக்கலாமா?

நிறுத்திவைப்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லை. இரண்டு வேலை நாள் என்ற கெடுவுக்குப் பொருள்கள் வந்தால் என்ற நிபந்தனை எதுவும் சேர்க்கப்படவில்லை. "பொருள்களை ஒப்படைத்த பின்னரே தொகை வழங்கப்படும்" என்று கடிதத்தில் எழுதுவது, சட்டத்தை மீறுவதற்கு நிறுவனமே சாட்சியம் எழுதிக்கொடுப்பதுதான். பொருள் ஒப்படைப்பைக் கடைசி நாளுக்கு முன்னதாக, குறைந்தபட்சம் கடைசி நாள் காலையிலாவது முடித்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. ஒருவேளை அவர் தராமலே போய்விட்டால், நிறுவனச் சொத்தைத் திரும்பப் பெறத் தனி அறிவிப்பு அனுப்பி, தேவைப்பட்டால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கலாம்.

ஊழியரின் பாதுகாப்பில் ஒப்படைக்கப்பட்ட பொருள் அவருடைய அலட்சியத்தாலோ தவறாலோ நேரடியாகச் சேதமடைந்தாலோ காணாமல் போனாலோ பிடித்தம் செய்யலாம். ஆனால் அதற்கு முன் அவருடைய விளக்கத்தைக் கேட்டாக வேண்டும், பிடிக்கும் தொகை உண்மையான இழப்பைத் தாண்டக் கூடாது. 2021இல் வாங்கிய மடிக்கணினியின் திரை உடைந்திருந்தால் இழப்பு என்பது திரையை மாற்றும் செலவு. புது மடிக்கணினியின் விலை அல்ல. பேட்டரி பலவீனமானதும் எழுத்து விசைகள் தேய்ந்ததும் பயன்பாட்டால் வரும் தேய்மானம், அதற்கு யாரும் ஈடு கேட்க முடியாது. ஆகவே பொருள்களைக் கடைசி மணி நேரத்தில் வாங்காமல், விளக்கம் கேட்கவும் விலைப்புள்ளி வாங்கவும் அவகாசம் இருக்கும்படி சில நாள் முன்பே ஒரு முறை பார்வையிட்டுவிடுவது விவேகம்.

பணிக்கொடையில் கை வைக்கவே கூடாது. அதை மறுப்பதற்கான காரணங்களைச் சட்டம் வரையறுத்திருக்கிறது. அவை தவறான நடத்தைக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்களைப் பற்றியவை. முறையாக ராஜினாமா செய்து போகிறவரின் பணிக்கொடையில் மடிக்கணினிக் கணக்கைத் தீர்த்துக்கொள்ள வழியில்லை.

முழுக் கடிதம் எப்படி இருக்கும்?

மேலே பார்த்த விவரங்களை வைத்து எழுதினால் இப்படி அமையும்.

நாள்: 07.01.2026
பெறுநர்: திரு. __________, உதவி மேலாளர், கொள்முதல் பிரிவு, ஊழியர் எண் ______
பொருள்: தங்கள் ராஜினாமாவை ஏற்றல், கடைசி வேலை நாள் மற்றும் இறுதிக் கணக்கு குறித்து
பார்வை: தங்கள் 05.01.2026 நாளிட்ட கடிதம்

அன்புடையீர்,

பார்வையில் கண்ட கடிதத்தின் வாயிலாகத் தாங்கள் அளித்த ராஜினாமாவை நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது. தங்கள் நியமனக் கடிதத்தின்படி 60 நாள் அறிவிப்புக் காலம் 06.03.2026 அன்று முடிவடைகிறது. எனினும் தாங்கள் கோரியவாறு 20.02.2026 அன்று பணி நேர முடிவில் தங்களை விடுவிக்க நிறுவனம் இசைகிறது. அதுவே தங்கள் கடைசி வேலை நாளாகும். குறைவாகும் 14 நாளுக்கு, நியமனக் கடிதத்தில் கண்டுள்ளபடி அடிப்படைச் சம்பளம் மற்றும் அகவிலைப்படியின் அடிப்படையில் ரூ. 12,133 தங்கள் இறுதி ஊதியத்தில் பிடித்தம் செய்யப்படும்.

20.02.2026 வரையிலான சம்பளமும், அன்றைய நிலவரப்படி மீதமுள்ள விடுப்புக்கான தொகையும், சட்டப்படியான பிடித்தங்கள் போக, 23.02.2026க்குள் தங்கள் சம்பள வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். இன்றைய தேதியில் தங்கள் விடுப்பு இருப்பு 18 நாள். இதன் பின் எடுக்கும் விடுப்பு அதில் கழிக்கப்படும். ஏழு ஆண்டுப் பணிக்காகக் கணக்கிடப்பட்ட பணிக்கொடை ரூ. 1,05,000, 22.03.2026க்குள் வழங்கப்படும். வரைவுக் கணக்கு 13.02.2026 அன்று தங்களுக்கு அனுப்பப்படும். அதில் மாறுபாடு இருப்பின் 17.02.2026க்குள் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

தங்களுக்கு வழங்கப்பட்ட பொருள்களும் தங்கள் எண்ணில் பதிவாகியுள்ள இணையத் தளங்களும் இணைப்பில் பட்டியலிடப்பட்டுள்ளன. தளங்களின் பதிவு எண் மாற்றத்தை 13.02.2026க்குள் முடித்து, பொருள்களை 20.02.2026 முற்பகலில் நிர்வாகப் பிரிவில் ஒப்படைத்து ஒப்புகைச் சீட்டு பெற்றுக்கொள்ளவும். மடிக்கணினியில் உள்ள தங்கள் சொந்தக் கோப்புகளை அதற்கு முன் எடுத்துக்கொள்ளலாம்; நிறுவனக் கோப்புகளை அழிக்கவோ பிரதி எடுக்கவோ வேண்டாம். பட்டியலில் தவறு இருப்பின் உடன் தெரிவிக்கவும்.

விடுவிப்புக் கடிதமும் அனுபவச் சான்றிதழும் கடைசி வேலை நாளன்று தங்களிடம் வழங்கப்படும். தங்கள் பணிக்கு நன்றி தெரிவித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மேலாளர், மனிதவளப் பிரிவு
(இந்தக் கடிதத்தைப் பெற்றுக்கொண்டேன். கையொப்பம், நாள்)

ஏற்புக் கடிதம் கொடுத்த பிறகு அவர் மனம் மாறி, "ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறேன்" என்றால் என்ன செய்வது?

பின்னொரு நாளில் நடைமுறைக்கு வரும்படி கொடுக்கப்பட்ட ராஜினாமாவை, அது நடைமுறைக்கு வருவதற்கு முன் திரும்பப் பெறலாம் என்பதை 1978இல் கோபால் சந்திர மிஸ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. அது உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் ராஜினாமா பற்றிய வழக்கு. பின்னர் அரசு ஊழியர் விஷயத்திலும் அந்தக் கோட்பாடு எடுத்தாளப்பட்டது. தனியார் நிறுவனத்தில் நியமனக் கடிதமும் நிலையாணைகள் எனப்படும் பணி விதிகளும் என்ன சொல்கின்றன என்பதே முதலில் பார்க்க வேண்டியது. ஆகவே "ஏற்புக் கடிதம் கொடுத்தாகிவிட்டது, கதவு மூடிவிட்டது" என்று கடைசி நாளுக்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. திரும்பப் பெறுதலை ஏற்க விருப்பமில்லாவிட்டால் காரணத்தோடு, உதாரணமாக அந்த இடத்துக்கு வேறொருவருக்கு நியமன உத்தரவு கொடுத்தாகிவிட்டது என்று, உடனே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். ஏற்பதாக இருந்தால் பழைய ஏற்புக் கடிதத்தை ரத்து செய்து புதிய கடிதம் கொடுங்கள். இரண்டும் கோப்பில் முரண்பட்டுக் கிடந்தால் பணித் தொடர்ச்சியில் பிற்காலத்தில் சிக்கல் வரும்.

போட்டி நிறுவனத்துக்குப் போகிறார். நாளையே விடுவித்துவிட்டு மீதி நாளுக்குச் சம்பளம் தராமல் இருக்கலாமா?

அவர் கேட்டது பிப்ரவரி 20. நிறுவனம் தானாக அதற்கு முந்தைய தேதியில் வெளியே அனுப்பினால், அது அவருடைய ராஜினாமா என்பதைவிட நிறுவனம் வேலையை முடித்துவைத்ததாகவே பார்க்கப்படும் ஆபத்து உண்டு. அலுவலகத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லி, கணக்குகளின் அணுகலை நிறுத்தி, அந்தத் தேதி வரை முழுச் சம்பளம் தருவது பாதுகாப்பான வழி. அப்படிச் செய்தாலும் கடிதத்தில் கடைசி நாளாக பிப்ரவரி 20 என்றே இருக்க வேண்டும்.

பி.எஃப். கணக்கில் நிறுவனம் என்ன செய்ய வேண்டும்?

வருங்கால வைப்பு நிதித் தளத்தில் வெளியேறிய தேதியையும் காரணத்தையும் பதிய வேண்டும், அந்தத் தேதி விடுவிப்புக் கடிதத்தில் உள்ள தேதியோடு ஒத்திருக்க வேண்டும். நிறுவனம் பதியாவிட்டால் ஊழியர் தாமே பதியலாம்; ஆனால் கடைசிப் பங்களிப்புக்குப் பின் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். பழைய நிறுவனத்தில் வெளியேறிய தேதி புதிய நிறுவனத்தில் சேர்ந்த தேதிக்குப் பின்னால் விழுந்தால் கணக்கு மாற்றத்தின்போது விளக்கம் கேட்கப்படலாம்.

தொகையைக் கொடுக்கும்போது "இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதி வாங்கிக்கொள்ளலாமா?

பெற்ற தொகைக்கு ஒப்புகை வாங்குவது முறையானது, அதில் ஒவ்வொரு தொகையும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கட்டும். தொகையைத் தருவதற்கு முன் நிரப்பாத படிவத்தில் கையெழுத்து கேட்பதும், கையெழுத்திட்டால்தான் விடுவிப்புக் கடிதம் என்பதும் தவறு. சட்டப்படி வர வேண்டிய பணிக்கொடையை ஊழியர் அப்படி எழுதிக்கொடுத்து இழந்துவிட முடியாது என்பதால், அந்த வாசகம் நிறுவனத்துக்குத் தரும் பாதுகாப்பும் நினைப்பதைவிட மிகக் குறைவு.

கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினால் போதுமா?

போதும். ஊழியரின் அலுவலக முகவரி கடைசி நாளோடு மூடப்பட்டுவிடும் என்பதால் அவருடைய சொந்த மின்னஞ்சலுக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதாக ஒரு வரி பதில் கேளுங்கள்.